வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை

எங்கள் நர்சிங் ஹோமில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. 'நாலு நிமிஷம்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து எந்த டாக்டர் கத்தரி கேட்டு அவசரப்படுத்தினாலும், ஆட்டோகிளேவ் மெஷின் முன்னால் நின்றுகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் "நாலு நிமிஷம்" என்பாள். கிருமி சாக, நூற்று முப்பத்து நாலு டிகிரி நீராவியில் கருவிகள் அவ்வளவு நேரம் இருந்தாக வேண்டும். முதலாளி டாக்டரே வந்து நின்றாலும் ஒரு நொடி குறைத்துத் திறக்க மாட்டாள். அதற்கப்புறம் உலர இன்னும் அரைமணி ஆகும் என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். கேட்டவர்கள் நின்று நின்று கால் வலித்துப் போவார்கள்.

அவளோடு அந்த அறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் டேப்பு. கருவிகளைத் துணியில் சுற்றி ஒட்டுகிற டேப் ஒன்று உண்டு, நீராவி பட்டால் அதன் கோடுகள் கறுத்துவிடும். அந்த டேப் உருளைகள் இரண்டை வளையல் மாதிரி எப்போதும் கையில் போட்டுக்கொண்டு திரிவதால் அந்தப் பெயர். நாலு நிமிஷத்தை விட ஐந்து வயது சின்னவள். "அக்கா, அக்கா" என்று அவள் பின்னாலேயே சுற்றுவாள். ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். ஒருத்திக்குத் தலைவலி வந்தால் இன்னொருத்தி தைலம் தடவிக்கொள்வாள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

நான் அங்கே மேனேஜர். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். சம்பளம் போடுவது, லீவ் எழுதுவது, பினாயில் வாங்குவது எல்லாம் ஒரே ஆள்தான். எனக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் உண்டு. ஒன்று, நான் எழுதும் கடிதம். இன்னொன்று, என் வாய். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர் ஃபைலில் இருப்பதை இன்னொருவருக்குச் சொன்னதில்லை. இந்தக் கதையில் கெட்டவன் என்று யாரையாவது தேடினால், இந்த இரண்டாவது கர்வத்திலிருந்து தேட ஆரம்பிக்கலாம்.

நாலு நிமிஷத்தின் வீடு நர்சிங் ஹோமுக்கு அடுத்த தெருவில் இருந்தது. ஒரு ஹால், ஒரு சமையலறை. புருஷன் லாரி டிரைவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே மகள், பத்தொன்பது வயது. அந்தப் பெண்ணுக்கு வலிப்பு. மூன்று மாதம் வராமலும் இருக்கும், ஒரே நாளில் இரண்டு தடவை வந்தும் தொலைக்கும். பெரும்பாலும் மத்தியானம்தான் வரும். வீட்டில் உட்கார்ந்து தையல் தைப்பாள், இஸ்திரி போடுவாள், கைவேலை அவ்வளவு சுத்தம். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அம்மாக்காரி விறுவிறுவென்று நடந்து போய், மாத்திரையை எதிரில் நின்று விழுங்க வைத்து, பெண்ணின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவாள். எத்தனையோ தடவை அந்த நேரத்தில்தான் வலிப்பு வந்து, இவள் தாங்கிப் பிடித்திருக்கிறாள். அவளுடைய வாழ்க்கையே அந்த ஆறு நிமிஷ நடைதான். வேறு எதையும் அவள் பெரிதாகக் கேட்டதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் முதலாளி டாக்டரும் அவர் மனைவியும் கட்டடத்தை விற்பதென்று முடிவு செய்தார்கள். எல்லாருக்கும் இரண்டு மாதம் அவகாசம். எல்லாரும் வேலை தேடினார்கள்.

கிருமி நீக்கும் வேலை தெரிந்தவர்களுக்கு அந்தச் சமயத்தில் இரண்டே இடங்களில் ஆள் தேவைப்பட்டது. ஒன்று, ஊரின் மறு கோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. இன்னொன்று, எங்களிடமிருந்து கூப்பிடு தூரத்தில் புதிதாகத் திறந்திருந்த நாலு மாடி ஆஸ்பத்திரி. இரண்டிலும் தலா ஓர் இடம். நாங்கள் பெரிசு, புதுசு என்று சொல்வோம். புதுசு நாலு நிமிஷத்தின் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. பெரிசுக்குப் போக இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம். டேப்புக்கு இது அப்படியே தலைகீழ். அவள் வீடு பெரிசின் பின்பக்கத் தெருவில். பதினோரு வருஷமாக இரண்டு பஸ் ஏறி எங்களிடம் வந்து போனதில் அவள் முழங்கால் தேய்ந்துவிட்டது.

இரண்டு பேரும் இரண்டு இடத்துக்கும் விண்ணப்பம் போட்டார்கள். ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளவில்லை. ஒருத்தி பல்வலி என்று லீவ் எடுத்து நேர்முகத்துக்குப் போனாள், இன்னொருத்தி பேங்க் வேலை என்று போனாள். வஞ்சகம் எதுவும் இல்லை. அவர்களுக்கு அது ஒரு நியமம். எட்டு வருஷம் முன்னால் நாலு நிமிஷத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரி வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், டீ வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் அந்தப் பட்டியலையே ரத்து செய்துவிட்டார்கள். கண் பட்டுவிட்டது என்று அன்றைக்கு முடிவு கட்டியவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். "கைக்கு வர்ற வரைக்கும் கூடப் பொறந்தவகிட்டகூட வாயைத் திறக்கக் கூடாது" என்று ஒருத்திக்கொருத்தி சத்தியம் மாதிரி சொல்லிக்கொண்டார்கள். அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை நாலு நிமிஷம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், பெரிசுல இருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம்."

"சந்தோஷம்மா. போட வேண்டியதுதானே."

"நான் புதுசுக்குத்தான் சார் காத்துக்கிட்டிருக்கேன். அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லல. பெரிசுல சேர்ந்தா மத்தியானம் வீட்டுக்கு எப்படி வருவேன்? பாப்பாவை யார் பாத்துக்குவா?"

"இதை விட்டுட்டு அதுவும் வரலைன்னா?"

"அதான் சார் பயமா இருக்கு. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே. கொஞ்சம் டைம் கேட்டு எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தேன். இது எப்படிச் செய்ய வேண்டிய வேலை என்று எனக்குத் தெரியும். முதலில் நன்றி சொல்ல வேண்டும். வேலையில் விருப்பம் இருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அம்மா படுத்த படுக்கை என்று கதை அளக்கக் கூடாது. 'சில நாள்' என்று இழுக்காமல், இன்ன நாள், இன்ன மணி என்று கேட்க வேண்டும். 'குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு முடிவெடுக்க வேண்டியிருப்பதால், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை அவகாசம் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்' என்று முடித்தேன். அதே கையோடு புதுசுக்கும் ஒரு மெயில்: 'எனக்கு வேறோர் இடத்தில் வேலை உறுதியாகியுள்ளது, வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும், எனினும் தங்களிடம் சேரவே விரும்புகிறேன், தங்கள் முடிவை அதற்குள் தெரிவிக்க இயலுமா?'

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். முக்கியமா டேப்புகிட்ட. மனசு கஷ்டப்படுவா, அவளுக்கு இன்னும் ஒண்ணும் அமையல."

சொல்ல மாட்டேன் என்றேன்.

பெரிசின் மனிதவள அதிகாரி அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் செய்தார். நல்ல மாதிரியான பெண். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கேக்காதீங்க. உங்களுக்கு அடுத்து ஒருத்தரை நிறுத்தி வெச்சிருக்கோம், அவங்களுக்கும் பதில் சொல்லணும்" என்றார். என்னிடமும் பேசி, இவள் எத்தனை வருஷம் வேலை பார்த்தாள், ஆள் எப்படி என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, அதே கதவைச் சாத்திக்கொண்டு டேப்பு வந்தாள்.

"சார், புதுசுல என்னை எடுத்துட்டாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம். ஆனா நான் பெரிசுக்குத்தான் ஆசைப்படறேன். வீட்டுக்குப் பின்னாடியே சார். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு இன்னும் பத்து வருஷம் பஸ் ஏற முடியாது. கொஞ்சம் டைம் கேட்டு எழுதித் தாங்களேன். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், அவங்களுக்கு எங்கயும் கூப்பிடலை போல."

நான் பேனாவை எடுத்தேன். எனக்குப் புரியவில்லை என்று பொய் சொல்லப் போவதில்லை. அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பெரிசு வரிசையில் நிறுத்தி வைத்திருக்கும் ஆள் இவள். புதுசு வரிசையில் நிற்கிற ஆள் அவள். இவள் பிடித்து வைத்திருப்பது அவளுக்கு வேண்டும், அவள் பிடித்து வைத்திருப்பது இவளுக்கு வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவே ஒரே ஒரு தடுப்புச் சுவர். அப்புறம் நான்.

எழுதிக் கொடுத்தேன். அதே நன்றி, அதே விருப்பம், 'குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு'. வியாழக்கிழமை மாலை ஐந்து மணி வரை. பெரிசுக்கும் விரைந்து முடிவு கேட்டு ஒரு மெயில். நல்ல கடிதங்கள். இப்போது படித்தாலும் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன்.

புதன்கிழமை நாலு நிமிஷம் வந்து பொரிந்து தள்ளினாள். புதுசிலிருந்து பதில் வந்துவிட்டது. "முதல்ல ஒருத்தருக்குக் குடுத்திருக்கோம், அவங்க டைம் கேட்டிருக்காங்க, அவங்க வேணாம்னு சொன்னா அடுத்தது நீங்கதான்னு சொல்றாங்க சார். எவளோ ஒரு மகராசி, வேணும்னும் சொல்லாம வேணாம்னும் சொல்லாம, வைக்கோல்போர்ல நாய் படுத்த மாதிரி படுத்துக்கிட்டு இருக்கா. நல்லா இருப்பாளா அவ?"

ஒரு மணி நேரம் கழித்து டேப்பு. "பெரிசுல ஒருத்தி வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் வாங்கிட்டாளாம் சார். எனக்கு வியாழக்கிழமையோட முடியுது. என்ன திமிர் பாருங்க. வேணும்னா எடுத்துக்கணும், இல்லைன்னா விட்டுத் தொலைக்கணும்."

அன்று மத்தியானம் நான் அவர்கள் அறைப் பக்கம் போனேன். மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு நிமிஷம் தேதி எழுத, டேப்பு டேப் ஒட்டினாள். கை ஓடிக்கொண்டிருந்தது, முகம் மட்டும் இரண்டுக்கும் செத்துப் போயிருந்தது. "என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள் சின்னவள். "ஒண்ணுமில்லடி, தூக்கமில்ல" என்றாள் பெரியவள். நான் வாசலில் நின்றேன். நாக்கு நுனி வரை வந்தது. 'ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் பேசிக்கோங்கம்மா' என்று சொல்லியிருந்தால் போதும். ஃபைலைத் திறக்க வேண்டியதில்லை, சத்தியத்தையும் மீற வேண்டியதில்லை.

ஏன் சொல்லவில்லை? பல நாள் எனக்கு நானே நல்ல பதிலாகச் சொல்லிக்கொண்டேன்: வாக்குக் கொடுத்துவிட்டேன், அடுத்தவர் ரகசியம், என் தொழில் தர்மம். பாதி உண்மை. மீதி இதுதான். எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஒன்பது இடத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன். ஒருவன்கூடக் கூப்பிடவில்லை. இவர்கள் இரண்டு பேரும் கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்காக என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினார்கள். வேலை கிடைத்தவர்களுக்குத்தானே இந்தக் கவலை, கொஞ்சம் தவிக்கட்டுமே என்று மனசின் ஏதோ மூலையில் இருந்தது. பெரிய கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை. துளிப் பொறாமை. அதுவே போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை நாலு மணிக்கு டேப்பு புதுசுக்குப் போன் செய்து இன்னும் ஒரே ஒரு நாள் கேட்டாள். இரண்டாவது தடவை கேட்டால் எந்த இடத்திலும் தர மாட்டார்கள் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். தரவில்லை. "இப்ப சொல்லுங்க, இல்லைன்னா அடுத்தவங்களைக் கூப்பிடறோம்" என்றார்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட முடியுமா? சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நாலு நிமிஷத்துக்கு மெயில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. அவள் அதை என் கம்ப்யூட்டரிலேயே நின்றபடி இரண்டு தடவை படித்தாள். நாலே முக்காலுக்குப் பெரிசின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் ஸ்கேன் செய்து அனுப்பினேன். "பாப்பாகிட்ட என்னன்னு சொல்றது சார்?" என்று கேட்டாள். நான் பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பது போல் குனிந்துகொண்டேன்.

சனிக்கிழமை வேலை கைக்கு வந்துவிட்டது. இனி சொல்லலாம். சின்னவள்தான் முதலில் சொன்னாள். நான் அந்த அறையில் சம்பளச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எனக்குப் புதுசுல கிடைச்சிருச்சு. ஆசைப்பட்டது இல்ல, என்ன பண்றது, பெரிசுல எவளோ ஒருத்தி..."

பெரியவள் கையிலிருந்த துணியை மெதுவாக மேஜையில் வைத்தாள். "புதுசுல டைம் கேட்டது நீயா? பெரிசுல வெள்ளிக்கிழமை வரைக்கும் வாங்கினது நான்டி."

விளக்கம் சொல்ல என்ன இருக்கிறது? மெஷின் மட்டும் உஸ்ஸென்று நீராவி விட்டுக்கொண்டிருந்தது. ஒருத்தியும் அழவில்லை, ஒருத்தியும் கத்தவில்லை. அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்தேன்.

"இன்னும் ஒண்ணும் குடி முழுகிடல. இவங்க புதுசை வேணாம்னு சொன்னா அவங்க உங்களைக் கூப்பிடுவாங்க. நீங்க பெரிசை விட்டா இவங்களைக் கூப்பிடுவாங்க. மாத்திக்கலாம்."

"அவ முதல்ல விடட்டும்" என்றாள் நாலு நிமிஷம். "எனக்கு அந்த இடம் உறுதியானதும் நான் இதை விட்டுடறேன்."

"நான் விட்டு, அவங்க உங்களைக் கூப்பிடாம வேற யாரையாவது எடுத்தா? நீங்க பெரிசை விடுவீங்களா அக்கா? அப்ப எனக்கு ரெண்டும் போச்சு. நீங்க முதல்ல விடுங்க, நான் விடறேன்."

"எனக்குப் பாப்பா இருக்காடி."

"எனக்கும் வீடு இருக்கில்லக்கா. ரெண்டு பசங்க படிக்குது."

பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதிலேயே பதினோரு வருஷமும் கரைந்துபோனது. ஒருத்திக்காக ஒருத்தி ரத்தம் கொடுப்பாள், அது எனக்குத் தெரியும். கையில் இருக்கும் வேலையைக் கொடுக்க முடியாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வார்த்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. வேண்டுமென்றே மறைத்தாய் என்றாள் ஒருத்தி. நீங்கள் மட்டும் சொன்னீர்களா என்றாள் மற்றவள். அப்புறம்தான் பெரியவளுக்குப் பொறி தட்டியது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"லெட்டர் யார் எழுதிக் குடுத்தது உனக்கு?"

"சார்தான்."

"எனக்கும் சார்தான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சம்பளச் சீட்டுகளை வரிசைப்படுத்தினேன். "நீங்க ரெண்டு பேரும்தான் சொல்ல வேணாம்னு சொன்னீங்க" என்றேன். உண்மைதான். அவ்வளவு கேவலமான உண்மையை என் வாழ்க்கையில் நான் பேசியதில்லை.

நர்சிங் ஹோம் மூடியது. அவரவர் இடத்துக்குப் போனார்கள். தினமும் காலையில் ஒருத்தி ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், இன்னொருத்தி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கும் போனார்கள். வழியில் இரண்டு பஸ்ஸும் எங்கோ ஒரு முனையில் எதிரெதிரே கடந்திருக்கும். நாலு நிமிஷம் சின்னவளின் நம்பரைப் போனில் தடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். என் நம்பரைத் தடுக்கவில்லை. நான் கூப்பிட மாட்டேன் என்று தெரிந்திருக்கும்.

மகளுக்கு மத்தியான மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து கொடுப்பதாக ஏற்பாடு. அந்த அம்மாள் நல்லவள்தான். ஆனால் சில நாள் மறப்பாள், சில நாள் தாமதமாகும். அதற்கு மேல் என்ன கேட்க முடியும்?

ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். வீட்டில் சும்மா இருந்த எனக்கு டேப்புவிடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"சார், பாப்பாவை இங்க புதுசுல கேஷுவாலிட்டிக்குத் தூக்கிட்டு வந்திருக்காங்க. இஸ்திரி போடும்போது வலிப்பு வந்திருக்கு. கை பெட்டிக்கு அடியில மாட்டிக்கிச்சு. எவ்வளவு நேரம்னு தெரியல. அக்காவுக்கு ஏழு தடவை அடிச்சுட்டேன், போகவே மாட்டேங்குது. பக்கத்து வீட்டம்மாவுக்கு நம்பரே தெரியல. நீங்க கூப்பிடுங்க சார்."

கூப்பிட்டேன். வேலை நேரத்தில் போன் அலமாரியில் இருக்கும், கிருமி நீக்கிய அறைக்குள் கொண்டுபோக விட மாட்டார்கள். பெரிசின் வரவேற்பில் கேட்டு, அவர்கள் அந்தப் பகுதிக்கு மாற்றி, அங்கே யாரோ எடுத்து, அவளைக் கூப்பிட்டு... பதினைந்து நிமிஷம் போயிற்று. சொன்னதும் போனை வைத்த சத்தம்தான் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம், இரண்டு பஸ்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் மயக்க மருந்தில் கிடந்தாள். வலது கை முழங்கை வரை கட்டு. இடது கையை டேப்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் அறை அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழேதான். அம்மாக்காரி உள்ளே வந்தாள். கட்டைப் பார்த்தாள். சின்னவளைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு?"

"ஒரு மணி இருக்கும்னு சொல்றாங்கக்கா."

"அந்த நேரத்துல நான் வீட்டுல இருந்திருப்பேன்" என்றாள் நாலு நிமிஷம். குரலை உயர்த்தவில்லை. என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் டேப்பு புதுசில் வேலையை விட்டாள். யாரையும் கேட்கவில்லை. அடுத்து என்ன என்று உறுதி செய்துகொள்ளவும் இல்லை. அக்காவின் பேரைப் போட்டு, என் இடத்துக்கு இவரை எடுத்துக்கொள்ளுங்கள், என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். புதுசின் மனிதவள அதிகாரி பழைய பட்டியலைப் புரட்டிப் பார்த்து, "ஓ, அப்பவே அடுத்த பேர் இவங்கதானே" என்று நாலு நிமிஷத்தை ஒரே வாரத்தில் கூப்பிட்டுவிட்டார். அவள் பெரிசை விட்டாள். பெரிசில் அவள் இடம் காலியானது. மூன்று மாதம் இழுத்தடித்து, ஒரு படி குறைந்த சம்பளத்தில், டேப்புவை எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, மாற்றிக்கொள்ள முடிந்தது. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டு எதைப் பார்த்து அப்படி நடுங்கினோம் என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நாலு நிமிஷம் இப்போது மறுபடியும் மத்தியானம் வீட்டுக்கு நடந்து போகிறாள். சின்னவள் வீட்டுப் பின்னாலேயே வேலைக்குப் போகிறாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. சண்டை இல்லை, பேச ஒன்றும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

நாலு நிமிஷம் பெரிசை விடுகிற கடிதத்தை நான் எழுதித் தருகிறேன் என்று அப்போது போன் செய்தேன். "வேணாம் சார்" என்றாள். "எனக்குத் தெரிஞ்ச மாதிரி நானே எழுதிக்கிறேன்."

போன மாதம் ஒரு பேன்ட்டை நீளம் குறைக்க நாலு நிமிஷத்தின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வேறு தையல்காரர் இல்லாமல் இல்லை. ஏன் போனேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அந்தப் பெண் கதவைத் திறந்தாள். வலது கையில் மூன்று விரல் மடங்காது. தோல் இழுத்துப் பளபளவென்று இருந்தது. கத்தரியை இடது கையில் பழகிக்கொண்டிருக்கிறாள். மேஜையில் வெட்டி வைத்திருந்த துணி ஓரமெல்லாம் கோணல்மாணலாக இருந்தது. முன்பு அவள் வெட்டினால் அளவுகோல் வைத்த மாதிரி இருக்கும்.

"நீங்க மேனேஜர் சார்தானே?"

"ஆமாம்மா."

"அம்மா சொல்லியிருக்காங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே சார்?"

கேட்டதில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. எப்படி ஒருத்தருக்குத் தெரிந்தும் சொல்லாமல் இருக்க முடியும் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, அளவு டேப்பை இடது கையால் எடுத்து, ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ளும்படி நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.